வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் பண்ணா பூட்டி வச்ச சாட்டும் போயிடுமா? பழைய போனை கைமாத்தி விடுறதுக்கு முன்னாடி இதை பாத்துட்டு குடுங்க

முதல்லயே சொல்லிடுறேன், போகாது. முழுசா போகாது. அக்கவுண்டை டெலீட் பண்ணாலும் எல்லா இடத்துலயும் போகாது. இது தெரியாம நான் எங்க அண்ணன் பையன் முன்னாடி முழிச்ச முழி எனக்குதான் தெரியும்.

கதை இதுதான். காரிமங்கலம் பக்கத்துல எங்களுக்கு கொஞ்சம் மாந்தோப்பு இருக்கு, நடுவுல ஒரு கெணறு. நானும் அண்ணனும் பாகம் பிரிக்கலாம்னு பேச்சு ஓடிட்டு இருந்துச்சு, சண்டை எல்லாம் ஒண்ணும் இல்ல, ஆனா கெணத்துல எனக்கு எவ்வளவு பாத்தியம்னு தருமபுரில ஒரு வக்கீல்கிட்ட தனியா கேட்டு வச்சிருந்தேன். வீட்டுல யார் கண்லயும் பட வேணாம்னு அந்த சாட்டை மட்டும் வாட்ஸ்அப்ல லாக் பண்ணி வச்சேன். அப்புறம் புது போன் வாங்கிட்டேன், பழைய ஆண்ட்ராய்டு போனை அண்ணன் பையன் காலேஜ் சேர்ந்திருக்கானேன்னு அவனுக்கு குடுத்தேன். குடுக்கறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன், சிம்மையும் கழட்டிட்டேன், வேற என்ன வேணும்னு நினைச்சேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுல சாப்பிட்டுட்டு இருக்கும்போது பையன் போனை நீட்டி, "சித்தப்பா, இந்த வரைபடத்துல நம்ம கெணத்து மேல செவப்பு பேனால வட்டம் போட்டு வச்சிருக்கீங்களே, எதுக்கு?"ன்னு கேட்டான். அண்ணி சோத்து கரண்டியோட நின்னுட்டாங்க.

அதுக்கப்புறம் உக்காந்து ஒவ்வொண்ணா தேடி, தப்பு பண்ணி, இன்னொரு தடவை தப்பு பண்ணி (அதையும் கீழ சொல்றேன்) கத்துகிட்டதுதான் இது. ஆண்ட்ராய்டு போன், வாட்ஸ்அப், இதை வச்சுதான் சொல்றேன். ஐபோனுக்கும் டெலிகிராமுக்கும் எங்க மாறுதோ அங்க மட்டும் சொல்றேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

அந்த வாட்ஸ்அப் நம்பரோட சிம், அதுக்கு மெசேஜ் வர்ற அளவுக்கு ரீசார்ஜ் உயிரோட இருக்கணும். அந்த போன்ல போட்டிருக்கிற ஜிமெயில் ஐடியும் பாஸ்வேர்டும். வாட்ஸ்அப்ல ஆறு இலக்க டூ ஸ்டெப் பின் போட்டிருந்தீங்கன்னா அதுவும் ஞாபகம் இருக்கணும், மறந்து போய் ஈமெயிலும் குடுக்காம விட்டிருந்தா 7 நாள் காத்திருந்துதான் மாத்த முடியும். எல்லாம் இருந்தா ஒரு மணி நேர வேலை. செலவுன்னு பாத்தா செத்துப் போன சிம்முக்கு போடுற ரீசார்ஜ் மட்டும்தான், இதுக்குன்னு ஒரு ஆப்பும் காசு குடுத்து வாங்க வேண்டியது இல்ல. கடையில குடுத்தா பண்ணி தருவாங்க, ஆனா எதை மறைக்கணும்னு நினைக்கறோமோ அதையே தூக்கி ஒரு ஆள் கையில குடுக்கற மாதிரி ஆயிடும்.

1. பூட்டுன்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க

வாட்ஸ்அப்ல சாட் லாக்ங்கறது 2023 மே மாசம் வந்துச்சு. அது பண்றது ஒரே ஒரு வேலை, அந்த சாட்டை லிஸ்ட்ல இருந்து எடுத்து ஒரு தனி ரூம்ல வச்சு கதவை சாத்துது. நோட்டிபிகேஷன்ல பேரும் மெசேஜும் தெரியாது. அவ்வளவுதான். சாட் அதே டேட்டாபேஸ்லதான் இருக்கு, பேக்கப் போகும்போது மத்த சாட்டோட சேர்ந்து அதுவும் போகுது.

இதுல ரெண்டு சிக்கல். ஒண்ணு, அந்த கதவுக்கு சாவி உங்க போனோட லாக்தான். கைரேகை, முகம், இல்லைன்னா போன் பின். வீட்டுல பின் தெரிஞ்சவங்க எல்லாரும் அந்த ரூமுக்குள்ள போகலாம். அதுக்காகத்தான் சீக்ரெட் கோடுன்னு ஒண்ணு அதே வருஷம் நவம்பர் கடைசில குடுத்தாங்க, அதை போட்டு ரூமையே மறைச்சிட்டா மேல இருக்கற சர்ச்ல அந்த கோடை அடிச்சாதான் வெளிய வரும்.

ரெண்டாவது சிக்கல்லதான் நான் மாட்டுனேன். பூட்டுன பிறகு வர்ற போட்டோ தானா கேலரிக்கு போகாது. ஆனா பூட்டுறதுக்கு முன்னாடி வந்த போட்டோ ஏற்கனவே கேலரில உக்காந்திருக்கும், பூட்டு அதை திரும்ப உள்ள இழுத்துக்காது. வக்கீல் அந்த வட்டம் போட்ட வரைபடத்தை அனுப்புனது முத நாள், நான் சாட்டை பூட்டுனது மூணு நாள் கழிச்சு.

2. நீங்க எந்த ஆளுன்னு முடிவு பண்ணுங்க

ரெண்டு வகை ஆளு இருக்காங்க. நம்பர் அதேதான், போன் மட்டும் மாறுது, இது என்னோட கேஸ். இன்னொண்ணு, அந்த நம்பரையே விடப்போறேன், இல்ல வாட்ஸ்அப்பே வேணாம்னு போறவங்க. அக்கவுண்ட் டெலீட்ங்கறது ரெண்டாவது ஆளுக்கு மட்டும்தான். இதை தடிச்ச எழுத்துல மனசுல எழுதிக்கோங்க.

ஏன்னா ஓசூர்ல கம்பெனில வேலை பாக்குற என் மச்சான், பழைய போனை விக்கறதுக்கு முன்னாடி சுத்தமா தொடைக்கணும்னு அக்கவுண்ட் டெலீட் அமுக்கிட்டான். அந்த போன்ல இருக்கற வாட்ஸ்அப் மட்டும் போகும்னு நினைச்சிருக்கான். அக்கவுண்ட்ங்கறது போனுக்கு இல்லையே, நம்பருக்குல்ல. புது போன்ல போட்டா மொட்டையா வருது, பேக்கப்பும் இல்ல, எல்லா குரூப்ல இருந்தும் வெளிய வந்துட்டான், ஊர் கோயில் கும்பாபிஷேக வசூல் குரூப்புக்கு அட்மினே அவன்தான். திரும்ப சேர்க்க சொல்லி ஒவ்வொருத்தரா போன் பண்ணிட்டு இருந்தான்.

போன் மாத்தறவங்க முதல்ல புது போன்ல வாட்ஸ்அப் போட்டு, ரீஸ்டோர் பண்ணி, பூட்டுன சாட் வந்துடுச்சான்னு கண்ணால பாத்துட்டு, அதுக்கப்புறம் பழைய போன்ல கை வைங்க. ஆறாவது படி உங்களுக்கு இல்ல.

3. வேணுங்கறதை எடுத்து வைங்க, அதுவும் கோடு மறக்கறதுக்கு முன்னாடி

இங்கதான் என்னோட ரெண்டாவது தப்பு. புது போன்ல சாட்டை பூட்டி, சீக்ரெட் கோடு போட்டேன். பெரிய புத்திசாலின்னு நினைச்சு தமிழ்ல "கெணறு"ன்னு வச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு பாக்கலாம்னு சர்ச்ல "கிணறு"ன்னு அடிக்கறேன், வரல. "கேணி"ன்னு அடிக்கறேன், வரல. நாம வீட்டுல பேசற மாதிரி கொம்பு போட்டு வச்சது அன்னைக்கு ஞாபகமே வரல. செட்டிங்ஸ்ல பிரைவசிக்கு போய் சாட் லாக்குல பாத்தா, கோடு மறந்தவங்களுக்கு ஒரு வழி இருக்கு, பூட்டை திறந்து சாட்டை காலி பண்றதுன்னு. நான் திறக்கறதை மட்டும் படிச்சேன், காலி பண்றதை படிக்கல. அமுக்கிட்டேன். பூட்டுன சாட்டுல இருந்த மெசேஜ் எல்லாம் காலி, வக்கீல் அனுப்புன மூணு வாய்ஸ் நோட்டும் சேர்த்து. அது வேணும்னே அப்படி வச்சிருக்காங்க, இல்லைன்னா யார் வேணா கோடு மறந்துட்டேன்னு சொல்லி திறந்துடலாமே.

இப்படி ஆயிட்டா உடனே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு, நான் லேட்டா தெரிஞ்சுகிட்டேன். வாட்ஸ்அப் தினமும் ராத்திரி 2 மணி வாக்குல போனுக்குள்ளயே ஒரு பேக்கப் எடுக்கும், கடைசி 7 நாளோட பைல் வரைக்கும் வச்சிருக்கும். கூகுள் டிரைவ் பேக்கப் தினசரின்னு வச்சிருந்தா டிரைவ்ல இருக்கற பழசு மேல புதுசு ஏறிடும். அதனால சாட் காலி ஆன அன்னைக்கே, ராத்திரி 2 மணிக்கு முன்னாடி, வாட்ஸ்அப்பை எடுத்துட்டு திரும்ப போட்டு ரீஸ்டோர் குடுத்தா முந்தின நாள் பேக்கப்புல இருந்த சாட் திரும்பி வர வாய்ப்பு இருக்கு. அந்த பேக்கப்புக்கு அப்புறம் வந்த மெசேஜ் மட்டும் போகும். ராத்திரி தாண்டிட்டா டிரைவ்ல இருக்கறது பிரயோஜனம் இல்ல, போனுக்குள்ள இருக்கற ஏழு நாள் பைல்லதான் தேடணும். பைல் மேனேஜர்ல இந்த இடத்துல இருக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
msgstore-2025-06-14.1.db.crypt14
msgstore.db.crypt14
```

தேதி போட்டிருக்கறது பழைய நாளோடது, தேதி இல்லாதது கடைசியா எடுத்தது. கடைசி நம்பர் 14ன்னோ 15ன்னோ போனுக்கு போன் மாறும், அதை மாத்தக் கூடாது. தேதி இல்லாத பைலை வேற பேருக்கு மாத்தி வச்சுட்டு, வேணுங்கற நாளோட பைல் பேர்ல தேதியையும் `.1` ஐயும் எடுத்துட்டு, வாட்ஸ்அப்பை திரும்ப போட்டு, டிரைவ் பேக்கப்பை தவிர்த்து உள்ளூர் பேக்கப்புல இருந்து எடுக்கணும். மொத்தமா இந்த போல்டரையே ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து வச்சுட்டு ஆரம்பிங்க, இல்லைன்னா போல்டரோட போயிடும். எனக்கு இது தெரிய வந்தப்போ பத்து நாள் ஆயிடுச்சு, ஏழு நாள் கணக்கு தாண்டிடுச்சு.

டேட்டா ரெகவரி பண்றோம்னு சொல்ற கடைக்காரர் ஒருத்தர் போனை வாங்கி பாத்துட்டு அட்வான்ஸ் கேட்டார். அந்த பேக்கப் பைல் எல்லாம் என்கிரிப்ட் ஆனது, உங்க நம்பருக்கு ஓடிபி போட்டு வாட்ஸ்அப்தான் திறக்கணும், அவர் கையில மந்திரக்கோல் ஒண்ணும் கிடையாது. குடுக்காதீங்க.

எடுத்து வைக்கறதுன்னா சாட்டை திறந்து, மேல மூணு புள்ளி, மோர், எக்ஸ்போர்ட் சாட். போட்டோ வாய்ஸோட எடுத்தா 10,000 மெசேஜ் வரைக்கும், எழுத்து மட்டும்னா 40,000 வரைக்கும் வரும். உங்க ஜிமெயிலுக்கே அனுப்பிக்கோங்க. மிரட்டல், பணம் ஏமாத்துனது, கேஸ் ஆகப்போற விஷயம், இந்த மாதிரி சாட்டா இருந்தா எக்ஸ்போர்ட் பண்ணாலும் போனை தொடைக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட்டை விட போன்ல இருக்கற ஒரிஜினலுக்குத்தான் மதிப்பு. பணம் ஏமாந்ததுன்னா 1930க்கு போன் பண்ணிட்டு அப்புறம் யோசிங்க.

4. கம்ப்யூட்டர்ல திறந்து வச்சிருக்கறதை மூடுங்க

வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ் போய் பாருங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுக்க திறந்தது, பையனோட லேப்டாப், எல்லாம் வரிசையா இருக்கும். போன்ல வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டா அங்கயும் மூடிடும்னு நினைக்கறாங்க, அப்படி இல்ல, போன் இல்லாமலேயே அது தனியா ஓடும், போன்ல 14 நாள் வாட்ஸ்அப் பக்கமே போகலைன்னாதான் அது தானா வெளிய வரும். அந்த 14 நாள்ல யார் வேணா பாக்கலாம். அதனால அன்இன்ஸ்டாலுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணா தொட்டு லாக் அவுட் குடுங்க. எனக்கு கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர் இன்னும் உயிரோட இருந்துச்சு, பட்டா நகல் பிரிண்ட் எடுக்கறதுக்குன்னு திறந்தது.

5. பேக்கப், போல்டர், போட்டோஸ்: உண்மையான வேலை இங்கதான்

வரிசை முக்கியம். முதல்ல வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல சாட்ஸ், சாட் பேக்கப் போய் டிரைவ் பேக்கப்பை நிறுத்துங்க. இதை பண்ணாம டிரைவ்ல போய் அழிச்சா ராத்திரி 2 மணிக்கு அது புதுசா ஒண்ணு போட்டு வச்சிடும், காலைல எழுந்து நீங்க அழிச்சாச்சுன்னு நிம்மதியா இருப்பீங்க.

அடுத்து கூகுள் டிரைவ் ஆப்பை திறந்து, மூணு கோடு, பேக்கப்ஸ். அங்க வாட்ஸ்அப் பேக்கப் இருக்கும், மூணு புள்ளில டெலீட். சாதாரண பைல் லிஸ்ட்ல தேடாதீங்க, தெரியாது, அதனாலயே நிறைய பேர் டிரைவ்ல ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுக்கறாங்க. அப்படியே விட்டாலும் 5 மாசத்துக்கு மேல புதுப்பிக்காத பேக்கப்பை கூகுளே எடுத்துடும்ங்கறாங்க, ஆனா அஞ்சு மாசம் நீளமான காலம். போன் மாத்தறவங்க இந்த டிரைவ் வேலையை செய்யவே வேணாம், உங்க புது போனுக்கு அந்த பேக்கப் வேணும், அதே ஜிமெயில் அடுத்தவங்க போன்ல இல்லாம பாத்துகிட்டா போதும்.

மூணாவது போனுக்குள்ள இருக்கற போல்டர். மேல சொன்ன `Android/media/com.whatsapp` தான். அன்இன்ஸ்டால் பண்ணா சில போன்ல இது சேர்ந்து போகுது, நிறைய போன்ல அப்படியே தங்கிடுது, என்னோடது தங்கிடுச்சு. பழைய போனா இருந்தா வெளிய நேரா `WhatsApp`ங்கற பேர்லயே ஒரு போல்டர் இருக்கும், அதையும் பாருங்க. சொல்றேன்னு நம்பாதீங்க, அன்இன்ஸ்டால் முடிச்சுட்டு பைல் மேனேஜர்ல போய் கண்ணால பாருங்க. அதுக்குள்ள `Media` திறந்தா படம், வீடியோ, டாக்குமெண்ட் எல்லாம் தனித்தனி போல்டர். சாட் எழுத்து மட்டும்தான் என்கிரிப்ட், இந்த படமும் ஆடியோவும் என்கிரிப்ட் இல்ல, யார் தொட்டாலும் திறக்கும். `WhatsApp Voice Notes` போல்டரை மறந்துடாதீங்க, அது கேலரிலயும் வராது மியூசிக் ஆப்லயும் வராது, `PTT`ன்னு பேர் ஆரம்பிக்கற பைலா வாரத்துக்கு ஒரு போல்டர்ல கிடக்கும், தொட்டா வக்கீல் பேசறது கணீர்னு கேக்கும். நல்ல வேளை அண்ணன் பையன் அதுவரைக்கும் போகல.

நாலாவது யாரும் நினைக்காதது, கூகுள் போட்டோஸ். அதுல போன் போல்டரை பேக்கப் பண்றதுன்னு ஒரு இடம் இருக்கு, அதுல `WhatsApp Images` ஆன் ஆகி இருந்தா அந்த படம் எல்லாம் ஏற்கனவே உங்க கூகுள் அக்கவுண்டுக்கு போயாச்சு. போன்ல வாட்ஸ்அப் இல்ல, போல்டர் இல்ல, ஆனா படம் இருக்கும், அதே ஜிமெயில் வீட்டு டிவிலயும் பொண்டாட்டி போன்லயும் போட்டிருந்தா அங்கயும் தெரியும். தேடி எடுத்து அழிங்க, அழிச்சதும் டிராஷ்க்கு போகும், பேக்கப் ஆன படம் அங்க 60 நாள் இருக்கும், டிராஷையும் காலி பண்ணுங்க.

ஐபோன்ல இந்த போல்டர் தொல்லை இல்ல. ஆப்பை எடுத்தா போன்ல இருக்கற சாட் அதோட போயிடும், நீங்க கேலரில சேவ் பண்ண படமும் ஐகிளவுட் பேக்கப்பும் மட்டும் நிக்கும்.

6. நம்பரை விடறவங்களுக்கு மட்டும்: அக்கவுண்ட் டெலீட்

இதை ஆப் உள்ள இருக்கும்போதுதான் பண்ண முடியும். அன்இன்ஸ்டால் பண்ணிட்டு அப்புறம் டெலீட் பண்ணலாம்னு போனா, திரும்ப இன்ஸ்டால் பண்ணி, அந்த நம்பருக்கு ஓடிபி வாங்கி, அப்புறம்தான். சிம் செத்திருந்தா அங்கயே நிக்க வேண்டியதுதான், அதுக்குத்தான் முதல்லயே ரீசார்ஜ் பத்தி சொன்னேன்.

செட்டிங்ஸ், அக்கவுண்ட், டெலீட் அக்கவுண்ட். நம்பரை போட்டு உறுதி பண்ணணும். அந்த ஸ்கிரீன்லயே என்னென்ன போகும்னு வரிசையா சொல்லுது: உங்க அக்கவுண்ட் விவரம், குரூப் எல்லாம், இந்த போன்ல இருக்கற மெசேஜ், டிரைவ் பேக்கப். பூட்டுன சாட்டும் மெசேஜ்தானே, அதுவும் போகும், தனியா திறக்கவே வேணாம். கோடு மறந்திருந்தாலும் போகும். அமுக்கினா திரும்ப வராது, அதே நம்பர்ல மறுபடி சேர்ந்தாலும் புது ஆளுதான். அவங்க சர்வர்ல இருக்கற உங்க தகவல் முழுசா கழிய 90 நாள் வரைக்கும் ஆகலாம்னு அவங்களே சொல்றாங்க.

இதுல போகாதது ரெண்டு. மேல சொன்ன படம், வாய்ஸ் போல்டரை நம்பி விடாதீங்க, டெலீட் ஆனதும் ஒரு தடவை பாருங்க. ரெண்டாவது எட்டாவது படில வருது.

ஒண்ணுமே பண்ணாம சும்மா விட்டா என்ன ஆகும்னு கேப்பீங்க. 120 நாள் யாரும் தொடலைன்னா அக்கவுண்டை அவங்களே எடுத்துடுவாங்க. ஆனா இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, போனுக்குள்ள இருக்கற சாட்டை அவங்க தொடமாட்டாங்க, அந்த போன்ல ஆப் இருக்கற வரைக்கும் அதுவும் இருக்கும், அதே போன்ல அதே நம்பரை திரும்ப பதிஞ்சா பழசு எல்லாம் எழுந்து வரும். டிராயர்ல போட்டு வச்ச பழைய போன் அப்படித்தான் இருக்கு.

சிம்மை விட்டுட்டா நம்பர் அடுத்தவங்களுக்கு போகும். கட் ஆனதுல இருந்து குறைஞ்சது 90 நாள் கழிச்சுதான் வேற ஆளுக்கு குடுக்கறாங்க. அந்த ஆளு வாட்ஸ்அப் போட்டா உங்க பழைய சாட் அவருக்கு வராது, பயப்பட வேணாம், போய் சேர்ந்த மெசேஜை சர்வர்ல வச்சிருக்கறது இல்ல. ஆனா நீங்க டெலீட் பண்ணாம விட்ட நம்பர் இன்னும் சொந்தக்காரங்க போன்ல உங்க பேர்லயே இருக்கும், அவங்க உங்களுக்குன்னு நினைச்சு அனுப்பற புது மெசேஜ் அந்த ஆளுக்கு போகும். அதனால சிம் சாகறதுக்கு முன்னாடி டெலீட் பண்றதுதான் சரி.

7. போனை கை மாத்தறதுக்கு முன்னாடி பேக்டரி ரீசெட்

எனக்கு இது ஒண்ணு பண்ணியிருந்தா அந்த ஞாயித்துக்கிழமை கறிக்குழம்பு நல்லா எறங்கியிருக்கும். முதல்ல போன் செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் போய் உங்க ஜிமெயிலை எடுத்துடுங்க. எடுக்காம ரீகவரி மோட்ல போய் ரீசெட் பண்ணா வாங்கற ஆளு போனை ஆன் பண்ணும்போது பழைய ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டு நிக்கும், ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்கு போன் வரும். அப்புறம் மெமரி கார்டை கழட்டுங்க, ரீசெட் அதை தொடாது, கடைசியா இரேஸ் ஆல் டேட்டா. பத்து இருபது நிமிஷம் ஆகும். சார்ஜ் பாதிக்கு மேல இருக்கும்போது பண்ணுங்க.

ரீசெட் பண்ணிட்டா அஞ்சாவது படில சொன்ன போல்டர் வேலை தானா முடிஞ்சுது. அப்போ அதை எதுக்கு சொன்னேன்னா, நிறைய பேர் போனை கை மாத்தறது இல்ல, அதே போனை வீட்டுல எல்லாரும் பாக்கறாங்க, ஆப்பை மட்டும் எடுத்தா போதும்னு நினைக்கறாங்க. அவங்களுக்குத்தான் அது.

டெலிகிராம் வச்சிருக்கறவங்களுக்கு கணக்கே தலைகீழ். அதுல சாதாரண சாட் எல்லாம் அவங்க சர்வர்ல இருக்கு, ஆப்பை எடுத்தாலும் போனை ரீசெட் பண்ணாலும் போகாது, வேற போன்ல லாகின் பண்ணா முழுசா வந்து நிக்கும், ஆர்க்கைவ் பண்ணி மறைச்சதும் சேர்த்து. சீக்ரெட் சாட்ன்னு தனியா ஆரம்பிச்சது மட்டும் அந்த போன்லயே இருக்கும், லாக் அவுட் பண்ணா போயிடும், திரும்ப எடுக்க வழியே இல்ல. வாட்ஸ்அப் பழக்கத்துல டெலிகிராமை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு அழிஞ்சிடுச்சுன்னு இருக்காதீங்க.

8. எதிர்ல இருக்கறவங்க போன்

இதுக்கு பட்டன் கிடையாது. நீங்க பூட்டுனது உங்க பக்கம் மட்டும்தான், அவங்க பக்கம் அந்த சாட் சாதாரணமா லிஸ்ட்ல கிடக்கும், நீங்க பூட்டுனதே அவங்களுக்கு தெரியாது. ஆப்பை எடுத்தாலும் அக்கவுண்டை டெலீட் பண்ணாலும் நீங்க அனுப்புனது அவங்க போன்ல இருக்கும். நீங்க அனுப்புன மெசேஜை ரெண்டு பக்கமும் எடுக்கற டெலீட் பார் எவ்ரிஒன், அனுப்பி 2 நாள் 12 மணி நேரத்துக்குள்ளதான் வேலை செய்யும், அதுவும் அக்கவுண்ட் உயிரோட இருக்கும்போது. அதனால எடுக்கணும்னு நினைக்கறது ஏதாவது நேத்து அனுப்புனதா இருந்தா ஆறாவது படிக்கு போறதுக்கு முன்னாடி இதை முடிங்க, வரிசை மாறிட்டா அவ்வளவுதான்.

இதுவே எனக்கு ஒரு நாள் உதவிச்சு. மூணு வாய்ஸ் நோட் போயிடுச்சுன்னு சொன்னேன்ல, கடைசியா வக்கீல் குமாஸ்தாவுக்கு போன் பண்ணி, "அண்ணே, அந்த கெணத்து விஷயமா சார் பேசி அனுப்புனது என்கிட்ட அழிஞ்சிடுச்சு, திரும்ப கிடைக்குமா"ன்னு கேட்டேன். சார் போன்ல அப்படியே இருக்குன்னு அஞ்சு நிமிஷத்துல பார்வர்ட் பண்ணிட்டாரு. இந்த தடவை சாட்டை பூட்டல. அண்ணன்கிட்டயே போட்டு காமிச்சுட்டேன், அவரும் கேட்டுட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நானே வந்திருப்பேன்ல, பாதி பீஸ் மிச்சம்"னாரு.